கல மின்னழுத்தம் கணக்கிட மூன்று வழிகள்: எதை எப்போது எடுப்பது?

மின்வேதியியல் பாடத்தில் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பள்ளியில் "கேத்தோடிலிருந்து ஆனோடைக் கழி" என்கிறார்கள். டியூஷனில் "ஆனோடின் குறியை மாற்றிப் போட்டுக் கூட்டு" என்கிறார்கள். கல்லூரிக்கு வந்தால் "முதலில் ΔG° கண்டுபிடி" என்கிறார்கள். ஒரு கணக்கில் மூன்றும் ஒரே விடையைத் தருகின்றன, அடுத்த கணக்கில் ஒன்று மட்டும் தனியே வேறு விடை தருகிறது. எதைப் பழக்கமாக வைத்துக்கொள்வது?

என் பதில்: கழித்தல் முறையை அன்றாட வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றல் முறை எப்போது கட்டாயமாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். குறி மாற்றிக் கூட்டும் முறையைப் படித்தால் புரியும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முடிவில் எல்லாவற்றையும் ஒரே நடைமுறையாகச் சுருக்கி, ஆய்வகத்தில் எல்லோரும் சந்திக்கும் ஒரு கேள்வியில் ஓட்டிப் பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு அளவுகோல்கள் போதும்.

முதலாவது, குறிப்பிழைக்கு எவ்வளவு இடம் தருகிறது. இந்தப் பாடத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் கூட்டல் குறி, கழித்தல் குறியில்தான்.

இரண்டாவது, "இந்த வினை தானாக நடக்குமா?" என்ற கேள்விக்கு நேரான பதில் கிடைக்கிறதா. மின்னழுத்தத்தின் அளவை மட்டும் சொல்லிவிட்டுத் திசையை மறைக்கும் முறை பாதி முறைதான்.

மூன்றாவது, சமன்பாட்டைச் சமன்செய்யும்போது 2, 3 என்று பெருக்குகிறோமே, அந்தப் பெருக்கத்தைச் சரியாகக் கையாள்கிறதா.

நான்காவது, இரண்டு அரைவினைகளைச் சேர்த்து இன்னோர் அரைவினையை உருவாக்கும்போதும் நிற்கிறதா. இந்தக் கடைசி அளவுகோலில்தான் முறைகள் உண்மையாகப் பிரிகின்றன.

கீழே வரும் கணக்குகளுக்கெல்லாம் இந்த ஒரு பட்டியல் போதும். எல்லாம் 25 °C வெப்பநிலையில், திட்ட ஹைட்ரஜன் மின்முனையைப் பூஜ்ஜியமாகக் கொண்ட திட்ட ஒடுக்க மின்னழுத்தங்கள்.

| அரைவினை | E° (வோல்ட்) |
|---|---|
| MnO₄⁻ + 8H⁺ + 5e⁻ → Mn²⁺ + 4H₂O | +1.51 |
| Cl₂ + 2e⁻ → 2Cl⁻ | +1.36 |
| Ag⁺ + e⁻ → Ag | +0.80 |
| Fe³⁺ + e⁻ → Fe²⁺ | +0.77 |
| Cu²⁺ + 2e⁻ → Cu | +0.34 |
| 2H⁺ + 2e⁻ → H₂ | 0.00 |
| Fe²⁺ + 2e⁻ → Fe | −0.44 |
| Zn²⁺ + 2e⁻ → Zn | −0.76 |

## வழி 1: கழித்தல்

E°(கலம்) = E°(கேத்தோடு) − E°(ஆனோடு). இரண்டையும் பட்டியலில் உள்ளபடியே, ஒடுக்க மின்னழுத்தமாகவே எடுக்க வேண்டும். எதையும் திருப்பக் கூடாது, எதையும் பெருக்கக் கூடாது.

தாமிரமும் வெள்ளியும் சேர்ந்த கலத்தை எடுத்துக்கொள்வோம். வினை Cu + 2Ag⁺ → Cu²⁺ + 2Ag. வெள்ளி அயனி எலக்ட்ரானைப் பெற்று ஒடுங்குகிறது, ஆகவே வெள்ளி கேத்தோடு. தாமிரம் எலக்ட்ரானை இழக்கிறது, ஆகவே அது ஆனோடு. 0.80 − 0.34 = 0.46 வோல்ட். விடை நேர்குறி, எனவே எழுதிய திசையில் வினை தானாக நடக்கும். தாமிரக் கம்பியை வெள்ளி நைட்ரேட் கரைசலில் விட்டால் கம்பி மீது வெள்ளி படிவதும் கரைசல் மெல்ல நீலமாவதும் இதனால்தான்.

வெள்ளியின் அரைவினையை 2-ஆல் பெருக்கித்தான் சமன்பாட்டைச் சமன்செய்தோம். அப்படியானால் 0.80-ஐயும் இரட்டிப்பாக்க வேண்டாமா என்று கேட்காத மாணவர் குறைவு. வேண்டாம். மின்னழுத்தம் என்பது உயரம் போன்றது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஒரு பேருந்து இறங்கினாலும் இரண்டு பேருந்துகள் இறங்கினாலும் இரண்டு ஊர்களுக்கும் இடையேயான உயர வேறுபாடு ஒன்றுதான். இறங்கும் பேருந்துகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாறுவது மொத்த ஆற்றல். திட்ட ஹைட்ரஜன் மின்முனைதான் இங்கே கடல்மட்டம்.

இந்த முறையின் மறைமுகச் செலவு ஒரு கெட்ட பழக்கம். "பெரியதிலிருந்து சிறியதைக் கழி" என்று சுருக்கி மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். இரண்டு மின்முனைகளைக் கொடுத்து, கலம் அமைத்தால் எத்தனை வோல்ட் வரும் என்று கேட்டால் அது சரி. குறிப்பிட்ட ஒரு வினையைக் கொடுத்து, நடக்குமா என்று கேட்டால் அது பொய் சொல்லும்.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தாமிரம் கரையுமா? கேட்கப்பட்ட வினை Cu + 2H⁺ → Cu²⁺ + H₂. இங்கே ஒடுங்குவது H⁺, ஆகவே அதுவே கேத்தோடு. 0.00 − 0.34 = −0.34 வோல்ட். எதிர்குறி, கரையாது. "பெரியது கழித்தல் சிறியது" என்று போட்டவருக்கு +0.34 கிடைக்கும், கரையும் என்று எழுதிவிடுவார். உண்மையில் அவர் கண்டுபிடித்தது எதிர்த்திசை வினையின் மின்னழுத்தத்தை. ஆகவே கேத்தோடு எது என்பதைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாமல், கொடுத்த வினையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

எதிர்குறி எண்ணைக் கழிக்கும் இடத்தில் வரும் பிழை இன்னொன்று. துத்தநாகமும் தாமிரமும் சேர்ந்த டேனியல் கலத்தில் 0.34 − (−0.76) என்பது 1.10 ஆக வேண்டும். அவசரத்தில் −0.42 என்று வந்துவிடுவது உண்டு. இதைப் பிடிக்க ஒரு எண்கோடு போதும். கோட்டின் நடுவில் 0, வலப்புறம் 0.34, இடப்புறம் −0.76. இரண்டும் பூஜ்ஜியத்தின் இரு பக்கங்களில் இருப்பதால் இடைத்தூரம் 0.76-ஐவிடப் பெரியதாகத்தான் இருக்க முடியும். 0.42 என்ற விடை அந்தக் கோட்டில் எங்கும் பொருந்தாது.

## வழி 2: குறி மாற்றிக் கூட்டல்

ஆனோடின் அரைவினையைத் திருப்பி எழுதி, அதன் மின்னழுத்தத்தின் குறியையும் திருப்பி, இரண்டையும் கூட்டுவது. Zn → Zn²⁺ + 2e⁻ என்பதற்கு +0.76, Cu²⁺ + 2e⁻ → Cu என்பதற்கு +0.34, மொத்தம் 1.10. அரைவினைகளையும் எண்களையும் ஒரே நேரத்தில் கூட்டுவதால் தாளில் பார்க்க அழகாக இருக்கும். எதிர்குறி எண்ணைக் கழிக்கும் சிக்கலும் இல்லை. கொடுத்த வினையின் திசையைத் தானாகவே பின்பற்ற வைக்கும் என்பதும் இதன் நல்ல குணம்.

இந்த வழக்கத்துக்கு வரலாறு உண்டு. பழைய அமெரிக்க நூல்களில் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தங்களே பட்டியலிடப்பட்டன, துத்தநாகத்துக்கு +0.76 என்றே அச்சிட்டிருந்தார்கள். 1953-இல் ஸ்டாக்ஹோமில் ஐயுபிஏசி எடுத்த முடிவுக்குப் பிறகு மின்முனை மின்னழுத்தம் என்றால் ஒடுக்க மின்னழுத்தம்தான் என்று நிலைபெற்றது. நூலகத்தில் பழைய நூல் கையில் கிடைத்தால் முதலில் துத்தநாகத்தின் குறியைப் பாருங்கள். எதிர்குறி இருந்தால் ஒடுக்கப் பட்டியல், நேர்குறி இருந்தால் ஆக்சிஜனேற்றப் பட்டியல்.

செலவு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, இரு முறைகளையும் கலந்துவிடுவது. குறியை மாற்றிவிட்டு, பழக்கத்தில் கழிக்கவும் செய்தால் 0.34 − 0.76 = −0.42. இரட்டைத் திருப்பத்தால் வரும் இந்தப் பிழை, விடைத்தாளில் முன்னே சொன்ன பிழையைப் போலவே தோன்றும், எங்கே தவறியது என்று கண்டுபிடிப்பது கடினம்.

இரண்டாவது செலவு ஆழமானது. மின்னழுத்தங்கள் கூட்டக் கூடியவை என்ற எண்ணத்தை இந்த முறை மனதில் ஊன்றுகிறது. வெப்ப வேதியியலில் ஹெஸ் விதியைப் படித்தவர்களுக்கு இது ஏற்கெனவே பழகிய காட்சி: வினைகளைக் கூட்டினால் ΔH-ஐயும் கூட்டலாம், வினையை 2-ஆல் பெருக்கினால் ΔH-ஐயும் பெருக்கலாம். அதே கை தாமிரம்–வெள்ளிக் கலத்தில் 2 × 0.80 − 0.34 = 1.26 வோல்ட் என்று எழுதிவிடும். பெருக்காமல் கூட்டக் கற்றுக்கொண்டாலும் அடுத்த பகுதியில் வரும் இரும்புக் கணக்கில் இந்த எண்ணம் கவிழ்த்துவிடும்.

அதற்காக இதைத் தவறான முறை என்று சொல்ல முடியாது. முழுக் கலத்துக்கு, பெருக்காமல் கூட்டினால், விடை எப்போதும் சரிதான்.

## வழி 3: ஆற்றல் வழியாகப் போவது

ஒவ்வொரு அரைவினைக்கும் கிப்ஸ் கட்டிலா ஆற்றலைக் கண்டுபிடிப்பது: ΔG° = −nFE°. இதில் n என்பது எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, F என்பது ஃபாரடே மாறிலி, ஒரு மோலுக்கு 96,485 கூலும். ஆற்றல்களைக் கூட்டிவிட்டு, மொத்த n-ஐக் கொண்டு வகுத்து மின்னழுத்தத்துக்குத் திரும்புவது.

தாமிரம்–வெள்ளிக் கலத்தில் வெள்ளிப் பக்கம் −2 × 96,485 × 0.80 = −154.4 கிலோஜூல். தாமிரப் பக்கம் திருப்பி எழுதப்பட்டதால் +2 × 96,485 × 0.34 = +65.6 கிலோஜூல். கூட்டினால் −88.8 கிலோஜூல். இதை 2 × 96,485-ஆல் வகுத்தால் மீண்டும் 0.46 வோல்ட்தான். ஒரே வரியில் முடிந்த வேலைக்கு நான்கு வரி.

ஆனால் இந்த நான்கு வரிகளில்தான் முதல் இரு முறைகளும் ஏன் வேலை செய்கின்றன என்பது தெரிகிறது. ஆனோடு விடும் எலக்ட்ரான்கள் அத்தனையையும் கேத்தோடு வாங்கிக்கொள்கிறது. இரு பக்கமும் n ஒன்றே, வகுக்கும்போதும் அதே n. மூன்றும் அடிபட்டுப் போவதால்தான் வெறும் மின்னழுத்தங்களைக் கழித்தால் போதுமாகிறது. கூட்டத்தக்கது எப்போதும் ஆற்றல்தான். n அடிபடாத இடத்துக்குப் போனால் மின்னழுத்தங்களை நேரடியாகக் கூட்டவும் கழிக்கவும் உரிமை இல்லை.

அப்படி ஓர் இடம் Fe³⁺ + 3e⁻ → Fe. பட்டியலில் இது இல்லை. ஆனால் Fe³⁺ → Fe²⁺ (+0.77), Fe²⁺ → Fe (−0.44) இரண்டும் இருக்கின்றன. கூட்டினால் +0.33 என்று வரும். அது தவறு. முதல் படியில் ஓர் எலக்ட்ரான், இரண்டாவதில் இரண்டு, மொத்தத்தில் மூன்று, எதுவும் அடிபடாது. சரியான வழி, ஒவ்வொன்றையும் அதன் n-ஆல் பெருக்கிக் கூட்டுவது: 1 × 0.77 + 2 × (−0.44) = −0.11. மூன்றால் வகுத்தால் −0.04 வோல்ட். F எல்லா உறுப்பிலும் இருப்பதால் அதை எழுதவே வேண்டியதில்லை, nE° மட்டும் போதும். இந்தச் சுருக்கத்தைப் பழகிக்கொண்டால் ஆற்றல் முறையின் நீளம் பாதியாகக் குறையும்.

இந்த எண் பரீட்சைக்கு மட்டும் உரியதல்ல. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் அது Fe²⁺ ஆகிறதா, Fe³⁺ ஆகிறதா? இரண்டுக்கும் கல மின்னழுத்தம் நேர்குறிதான்: Fe²⁺-க்கு 0.34 + 0.44 = 0.78, Fe³⁺-க்கு 0.34 + 0.04 = 0.38. எது வெல்லும் என்பதை ஒரு இரும்பு அணுவுக்கான ஆற்றலைக் கொண்டு பார்க்க வேண்டும். Fe²⁺ பாதையில் 2 × 0.78 = 1.56. Fe³⁺ பாதையில், 0.04 என்று முழுமையாக்காமல் போட்டால், 3 × 0.34 + 0.11 = 1.13. Fe²⁺ பாதையில் ஆற்றல் அதிகம் இறங்குகிறது, ஆகவே நீலக் கரைசல் வெளிறிய பச்சைக்குப் போகிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.43. Fe³⁺ தாமிரத்தைக் கரைக்கும் வினையின் மின்னழுத்தமும் அதேதான்: 0.77 − 0.34 = 0.43. அதாவது தப்பித்தவறி Fe³⁺ உருவானாலும், படிந்த தாமிரத்தையே தின்று Fe²⁺ ஆகிவிடும். மின்சுற்றுப் பலகைகளில் வேண்டாத தாமிரத்தை ஃபெரிக் குளோரைடு கரைசலில் அரித்து நீக்குவது இதே வினைதான்.

ஆற்றல் முறையின் செலவு நேரமும் கூடுதல் குறிகளும். −nFE°-இல் ஒரு கழித்தல் குறி, திருப்பிய வினைக்கு இன்னொன்று, E°-க்கே ஒன்று என்று மூன்று சேரும் இடத்தில் கவனம் நழுவும். முழுக் கலத்துக்கு இதை எடுப்பது வீண் உழைப்பு.

## பக்கத்தில் பக்கமாக

| | கழித்தல் | குறி மாற்றிக் கூட்டல் | ஆற்றல் வழி |
|---|---|---|---|
| குறிப்பிழை | எதிர்குறி எண்ணைக் கழிக்கும்போது மட்டும் | இரட்டைத் திருப்ப அபாயம் | குறிகள் அதிகம், கவனம் வேண்டும் |
| நடக்குமா என்ற பதில் | கேத்தோடை வினையிலிருந்து எடுத்தால் சரி | திசை தானாகச் சரியாகும் | நேரடியாகக் கிடைக்கும் |
| பெருக்கம் | பெருக்கவே தேவையில்லை | பெருக்கத் தூண்டும், பெருக்கக் கூடாது | பெருக்கியே ஆக வேண்டும், அதுவே சரி |
| புதிய அரைவினை | பயன்படாது | தவறான விடை தரும் | இது மட்டுமே சரி |
| ஏற்ற இடம் | எல்லா முழுக் கலங்களுக்கும் | பழைய ஆக்சிஜனேற்றப் பட்டியல் கையில் இருக்கும்போது | n மாறும் இடம், பாதைகளை ஒப்பிடும் இடம் |

## செறிவு 1 மோலார் இல்லையென்றால்

மூன்று வழிகளும் தருவது திட்ட நிலையின் E°. கரைசல்கள் 1 மோலார் செறிவிலும் வாயுக்கள் 1 பார் அழுத்தத்திலும் இல்லாதபோது நெர்ன்ஸ்ட் சமன்பாடு தேவை. 25 °C-இல்:

E = E° − (0.0592 / n) log Q

இதில் Q என்பது வினைபடுபொருள்களின் செறிவுகளுக்கு எதிரே விளைபொருள்களின் செறிவுகள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது. இது மூன்றுக்கும் போட்டியான நான்காவது வழி கிடையாது. எந்த வழியில் வந்த E°-க்கும் மேல் போடும் திருத்தம். இதை எப்போது போடுவது, எப்போது விட்டுவிடலாம் என்பதுதான் இங்கே எடுக்க வேண்டிய முடிவு.

முதலில் திருத்தத்தைச் சரியாகப் போடுவோம். தாமிரம்–வெள்ளிக் கலத்தில் [Ag⁺] = 0.01, [Cu²⁺] = 0.1 என்று கொள்வோம். Q = [Cu²⁺] / [Ag⁺]² = 0.1 / 0.0001 = 1000. log Q = 3. திருத்தம் 0.0296 × 3 = 0.09. ஆகவே E = 0.46 − 0.09 = 0.37 வோல்ட். சமன்பாட்டின் அந்த 2, E°-இல் நுழையாமல் இருந்தது அல்லவா, இங்கே Q-இன் அடுக்காக நுழைகிறது. அதை மறந்து [Ag⁺] என்று மட்டும் போட்டால் Q = 10 ஆகி 0.43 கிடைக்கும். திடப்பொருள்களான தாமிரமும் வெள்ளியும் Q-இல் வருவதில்லை. 0.0592 என்ற எண்ணில் 2.303 ஏற்கெனவே அடங்கியிருப்பதால் கால்குலேட்டரில் log பொத்தானைத்தான் தட்ட வேண்டும், ln அல்ல.

திருத்தம் திசையையே புரட்டுமா என்று தெரிந்துகொள்ள nE° / 0.0592 என்ற ஒரு வகுத்தல் போதும். வினை நின்றுபோக Q எத்தனை பத்தின் அடுக்காக வேண்டும் என்பதை அது சொல்லும். தாமிரம்–வெள்ளிக்கு 0.92 / 0.0592, ஏறத்தாழ 15.5. Q பத்தின் பதினைந்தாவது அடுக்கைத் தாண்டினால்தான் வினை நிற்கும். சாதாரணக் கரைசல்களில் இது நடக்காது, திசையை E°-ஐக் கொண்டே நம்பிச் சொல்லிவிடலாம்.

வெள்ளீயமும் காரீயமும் வேறு கதை. Pb²⁺/Pb −0.126, Sn²⁺/Sn −0.138. Sn + Pb²⁺ → Sn²⁺ + Pb என்ற வினைக்கு E° = +0.012 வோல்ட்தான். அந்த வகுத்தல் 0.4 தருகிறது, Q வெறும் 2.5 ஆனாலே வினை நின்றுவிடும். [Sn²⁺] 1 மோலாராகவும் [Pb²⁺] 0.01 மோலாராகவும் இருந்தால் Q = 100, E = 0.012 − 0.059 = −0.047. திசையே புரண்டுவிட்டது. இங்கே E°-ஐ மட்டும் பார்த்து "தானாக நடக்கும்" என்று எழுதுவது, கொடுத்த செறிவுகளைப் படிக்காமல் விட்டதற்குச் சமம்.

## ஒரே நடைமுறையாக

இவ்வளவையும் சுருக்கினால் கணக்கின் முன் உட்காரும்போது செய்ய வேண்டியது இதுதான்.

1. கொடுத்த வினையில் எது எலக்ட்ரானைப் பெறுகிறது என்று பார்த்து அதைக் கேத்தோடு என்று குறியுங்கள். வினை தராமல் இரண்டு மின்முனைகள் மட்டும் தந்திருந்தால், E° பெரியது கேத்தோடு.
2. முழுக் கலமா, புதிய அரைவினையா? முழுக் கலமென்றால் கழியுங்கள். புதிய அரைவினையென்றால் nE°-களைக் கூட்டி மொத்த n-ஆல் வகுங்கள்.
3. எண்கோட்டில் இடைத்தூரம் பொருந்துகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.
4. செறிவோ pH மதிப்போ கொடுத்திருந்தால் nE° / 0.0592 கணக்கிட்டு, Q அந்த அடுக்கை நெருங்குமா என்று பாருங்கள். மின்னழுத்தத்தின் அளவையே கேட்டிருந்தால் தயங்காமல் நெர்ன்ஸ்ட் திருத்தம் போடுங்கள்.
5. E நேர்குறி என்றால் எழுதிய திசையில் தானாக நடக்கும், எதிர்குறி என்றால் எதிர்த்திசையில் நடக்கும், பூஜ்ஜியம் என்றால் சமநிலை.

## பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் ஓட்டிப் பார்ப்போம்

பிளஸ் டூ செய்முறைத் தேர்வின் வாய்மொழிக் கேள்விகளில் இது பழையது: பெர்ரஸ் உப்பைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும்போது ஏன் நீர்த்த கந்தக அமிலம்? ஹைட்ரோகுளோரிக் அமிலமோ நைட்ரிக் அமிலமோ ஏன் கூடாது? மூன்று அமிலங்களையும் இதே நடைமுறையில் போட்டுப் பார்க்கலாம்.

நமக்கு வேண்டிய வினை, பெர்மாங்கனேட் Fe²⁺-ஐ ஆக்சிஜனேற்றம் செய்வது. 1.51 − 0.77 = 0.74 வோல்ட், எந்த ஐயமும் இல்லாமல் நடக்கும்.

கந்தக அமிலத்தில் உள்ள சல்பேட்டை ஆக்சிஜனேற்றம் செய்தால் பெர்சல்பேட் கிடைக்க வேண்டும், அந்த இணையின் E° ஏறத்தாழ 2.01. 1.51 − 2.01 = −0.50. பெர்மாங்கனேட்டால் சல்பேட்டைத் தொட முடியாது. சல்பேட்டாலும் நீர்த்த கரைசலில் Fe²⁺-ஐத் தொட முடியாது. ஒதுங்கி நிற்கும் அமிலம் இது.

நைட்ரிக் அமிலத்தில் சிக்கல் மறுபக்கத்திலிருந்து வருகிறது. நைட்ரேட் NO-ஆக ஒடுங்கும் இணைக்கு E° +0.96. 0.96 − 0.77 = +0.19. அதாவது பியூரெட்டைத் திறப்பதற்கு முன்பே அமிலம் Fe²⁺-இல் ஒரு பகுதியை Fe³⁺ ஆக்கிவிடலாம். செலவாகும் பெர்மாங்கனேட் குறையும், பியூரெட் அளவீடு இருக்க வேண்டியதைவிடக் குறைவாக வரும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குளோரைடு குளோரினாக மாறும் வினை: 1.51 − 1.36 = +0.15. நேர்குறி. பெர்மாங்கனேட்டின் ஒரு பகுதி குளோரைடிடம் போய்விடும், அளவீடு அதிகமாக வரும். பெரும்பாலான விடைத்தாள்கள் இங்கே நின்றுவிடும். நான்காவது படியையும் போடுவோம். சமன்செய்த வினை 2MnO₄⁻ + 10Cl⁻ + 16H⁺ → 2Mn²⁺ + 5Cl₂ + 8H₂O, இதில் n = 10. nE° / 0.0592 = 1.5 / 0.0592, ஏறத்தாழ 25. Q பத்தின் 25 அடுக்கு உயர வேண்டும் என்றால் பாதுகாப்பானதாகத்தான் தோன்றும். ஆனால் Q-இன் பகுதியில் [H⁺] பதினாறாவது அடுக்கில் இருக்கிறது. pH ஒன்று உயர்ந்தால் Q 16 அடுக்கு உயரும். ஆகவே மற்றச் செறிவுகள் திட்ட நிலையில் இருந்தால் pH 1.6-ஐத் தொடும்போதே 25 அடுக்கும் தீர்ந்துவிடும். அதற்கு மேல் pH போனால் பெர்மாங்கனேட்டால் குளோரைடை ஆக்சிஜனேற்றம் செய்ய முடியாது. E° சிறியதா என்று மட்டும் பார்த்தால் போதாது, Q-இல் உள்ள அடுக்குகளையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் pH-ஐ 3-இல் வைத்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையே பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். பெர்மாங்கனேட் முழுமையாக Mn²⁺ வரை ஒடுங்குவதற்கே தாராளமான H⁺ வேண்டும். அமிலம் போதாத இடத்தில் அது MnO₂-இல் நின்றுவிடும், குடுவையில் பழுப்பு நிறக் கலங்கல் தெரியும், ஒரு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து எலக்ட்ரான் என்ற கணக்கே உடைந்துவிடும்.

நடைமுறை சொல்லாத ஒன்றும் இந்தக் குடுவையில் இருக்கிறது. E நேர்குறி என்பது வினை நடக்க அனுமதி உண்டு என்று மட்டும் சொல்கிறது, எவ்வளவு வேகத்தில் என்று சொல்வதில்லை. அறை வெப்பநிலையில், நீர்த்த குளிர்ந்த கரைசலில், குளோரைடைப் பெர்மாங்கனேட் தாக்குவது தனியாக விட்டால் மெதுவாகவே நடக்கும். Fe²⁺ உடன் இருக்கும்போது அதே வினை தூண்டப்பட்டு வேகமெடுக்கிறது. அதனால்தான் பெர்ரஸ் உப்பைத் தரம்பார்க்கையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் குறிப்பாகத் தொல்லை தருகிறது. தவிர்க்க முடியாமல் குளோரைடு இருக்கும் கரைசல்களுக்கு, மாங்கனீசு சல்பேட், பாஸ்பாரிக் அமிலம், கந்தக அமிலம் மூன்றும் கலந்த சிம்மர்மன்–ரெய்ன்ஹார்ட் கரைசலைச் சேர்ப்பார்கள். அதில் உள்ள Mn²⁺ அயனியும், Fe³⁺-ஐப் பிணைத்துக்கொள்ளும் பாஸ்பேட்டும் மின்னழுத்தங்களைக் கீழே இழுத்து, குளோரைடை விட்டுவிட்டு இரும்பை மட்டும் தாக்கும்படி வினையை நடத்துகின்றன.